‘அஞ்சாயிரம் தர்றேன், முடிச்சுக் கொடும்மா!’ - ஃப்ரீலான்ஸ் வேலைக்கு விலை சொல்வது எப்படி?

“ஒரு லோகோதானேம்மா... கம்ப்யூட்டர்ல நாலு தட்டு தட்டினா வந்துடப்போகுது. அஞ்சாயிரம் தர்றேன், முடிச்சுக் கொடு!”

போனில் பேசுபவர் திருச்சியில் புதிதாக இனிப்பு, காரக் கடை திறக்கப்போகிறவர். மாமனாரின் பழைய நண்பர் வேறு. இந்தப் பக்கம் போனைப் பிடித்திருப்பவர் ஓர் இளம் தாய். விளம்பர நிறுவனம் ஒன்றில் டிசைனராக மாதம் 30,000 ரூபாய் சம்பளம் வாங்கியவர். குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸராகத் தொழிலைத் தொடங்கி இரண்டு மாதங்கள்தான் ஆகின்றன. கையில் வேறு வேலை இல்லை. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டியாக வேண்டும். மறுத்தால் மாமனார் என்ன நினைப்பாரோ என்ற தயக்கமும் இருக்கிறது.

“நாளைக்குச் சொல்றேன் அங்கிள்” என்று போனை வைக்கிறார்.

ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்கள் இருக்கும் பல வீடுகளில் நடக்கும் காட்சிதான் இது. லோகோவுக்குப் பதில் மொழிபெயர்ப்பாக இருக்கலாம், வீடியோ எடிட்டிங்காக இருக்கலாம், கணக்கு எழுதுவதாகவும் இருக்கலாம். ஐயாயிரம் நல்ல விலையா, மோசமான விலையா? இந்தக் கேள்விக்கு மனசாட்சியிடமோ மாமனாரிடமோ பதில் கேட்டுப் பயனில்லை. ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.

சம்பளத்தை வகுத்தால் வருவது சரியான விலை அல்ல

புதிதாக வருபவர்களில் பலர் முதலில் போடும் கணக்கு இது: “முன்னாடி மாதம் 30,000 வாங்கினேன். மாதம் 25 நாள், தினம் 8 மணி நேரம்னா 200 மணி நேரம். அப்போ ஒரு மணி நேரத்துக்கு 150 ரூபாய்.”

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை, நேரம். அலுவலகத்தில் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தாலும், கரன்ட் போய் சும்மா இருந்தாலும், தீபாவளிக்கு லீவு எடுத்தாலும் சம்பளம் வந்துவிடும். ஃப்ரீலான்ஸில் பில் போட முடிந்த நேரத்துக்கு மட்டும்தான் காசு. வாடிக்கையாளர் தேடுவது, போனில் விளக்கம் சொல்வது, விலைப்பட்டியல் அனுப்புவது, செய்த வேலைகளைத் தொகுத்து வைப்பது, “பேமென்ட் எப்போ சார் வரும்?” என்று நினைவூட்டுவது... இதெல்லாமும் வேலைதான். ஆனால், இதற்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

நம் திருச்சி டிசைனரின் நாளைப் பார்க்கலாம். குழந்தை பள்ளிக்குப் போனதும் காலை 9.30 முதல் மதியம் 3.30 வரை ஆறு மணி நேரம். குழந்தை தூங்கிய பிறகு இரவில் இரண்டு மணி நேரம். ஆக, எட்டு மணி நேரம் உழைக்கிறார். தொழில் தொடங்கிய முதல் வருடத்தில் அதில் பாதியை பில் போட முடிந்தாலே பெரிய விஷயம். அப்படிப் பார்த்தால் மாதத்துக்கு 200 மணி நேரம் அல்ல, 100 மணி நேரம். பண்டிகை, ஊர்ப் பயணம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று வருடத்தில் மொத்தமாக ஒரு மாதம் கழிந்துவிடும். மீதி 11 மாதங்கள். அதாவது, வருடத்துக்கு 1,100 மணி நேரம். அவர் விற்பதற்கு இருக்கும் மொத்தச் சரக்கே இவ்வளவுதான்.

முதலாளி கட்டிய பில்கள் இப்போது யார் தலையில்?

இரண்டாவது ஓட்டை, செலவு. அலுவலகத்தில் கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர், இன்டர்நெட் எல்லாம் நிறுவனத்தின் செலவு. பி.எஃப் கணக்கில் முதலாளியின் பங்கும் சேர்ந்துகொண்டே இருந்தது. இப்போது அத்தனையும் சொந்தச் செலவு. அவர் எழுதிய வருடக் கணக்கு இது:

- லேப்டாப் (60,000 ரூபாய், மூன்று வருடம் உழைக்கும் என்று வைத்து): 20,000
- டிசைன் சாஃப்ட்வேர், எழுத்துருக்கள் (மாதம் 4,000): 48,000
- இன்டர்நெட், போன், கூடுதல் கரன்ட் பில் (மாதம் 2,500): 30,000
- மருத்துவக் காப்பீடு: 16,000
- பி.எஃப்புக்குப் பதிலாகச் சொந்தச் சேமிப்பு (மாதம் 3,000): 36,000
- ஆடிட்டர் மற்றும் சில்லறைச் செலவுகள்: 10,000

மொத்தம் 1,60,000 ரூபாய். இது வீட்டுக்கு வரும் பணம் அல்ல. தொழிலை நடத்தவே ஆகும் பணம். வீட்டுக்குப் பழைய சம்பளமான 30,000 ரூபாய் மாதாமாதம் வர வேண்டும் என்றால், அது வருடத்துக்கு 3,60,000. இரண்டையும் கூட்டினால் 5,20,000.

இதை 1,100 மணி நேரத்தால் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு 473 ரூபாய் வருகிறது. எல்லா பில்லும் முழுதாக வசூலாகிவிடாது என்பதால், அதையும் சேர்த்து 500 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறார்.

முதலில் போட்ட 150 ரூபாய் எங்கே, இந்த 500 எங்கே! மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். இதில் பேராசைக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை. பழைய சம்பளத்தை அப்படியே காப்பாற்ற ஆகும் விலை மட்டுமே இது.

இந்தத் தொகைகள் ஆளுக்கு ஆள் மாறும். மொழிபெயர்ப்பாளருக்கு சாஃப்ட்வேர் செலவு குறைவாக இருக்கலாம். வீடியோ எடிட்டருக்கு கம்ப்யூட்டர் செலவு இரண்டு மடங்காக இருக்கலாம். ஆனால், கணக்கு போடும் முறை ஒன்றுதான். வீட்டுக்குத் தேவையானதையும் தொழில் செலவையும் கூட்டி, பில் போடக்கூடிய மணி நேரத்தால் வகுக்க வேண்டும்.

மணிக்கணக்கு மனதில், மொத்த விலை பேப்பரில்

இந்த 500 ரூபாயை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. “மணிக்கு ஐந்நூறு” என்றால் கடைக்காரருக்கு, “எத்தனை மணி நேரம் இழுப்பாங்களோ?” என்று பயம் வரும். தவிர, அனுபவம் கூடக்கூட டிசைனரின் கை வேகமாகும். மணிக்கணக்கில் பில் போட்டால், வேகமாக முடித்தவருக்குத்தான் நஷ்டம். அதனால் லோகோ, இணையதளம், புத்தக அட்டை போன்ற முடிவு தெரிந்த வேலைகளுக்கு மொத்த விலையே இரண்டு பக்கமும் நல்லது. மாதாமாதம் வரும் சில்லறைத் திருத்தங்கள், எங்கே முடியும் என்றே தெரியாத வேலைகள் ஆகியவற்றுக்கு மணிக்கணக்கு பொருந்தும்.

இனிப்புக் கடை லோகோவுக்கு அவர் நேரத்தைப் பிரித்து எழுதுகிறார். கடைக்காரரிடம் பேசிப் புரிந்துகொள்ள 2 மணி நேரம். மற்ற கடைகளின் பெயர்ப்பலகை, பெட்டிகளைப் பார்க்க 3. மூன்று மாதிரிகளைக் கையால் வரைய 8. கம்ப்யூட்டரில் கொண்டுவர 4. இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு 4. பெயர்ப்பலகை, பெட்டி, வாட்ஸ்அப் என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்ற கோப்புகளைத் தயார் செய்ய 2. மொத்தம் 23 மணி நேரம்.

புதியவர்கள் நேரத்தைக் குறைவாக மதிப்பிடுவது சகஜம். அதற்காக ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்த்தால் 28 மணி நேரம். 500 ரூபாயால் பெருக்கினால் 14,000.

கடைக்காரர் சொன்னது 5,000.

அந்த ஐயாயிரத்தில் வீட்டுக்கு வருவது எவ்வளவு?

இங்கேதான் இன்னொரு எண்ணைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தொழில் செலவான 1,60,000-ஐ மட்டும் 1,100 மணி நேரத்தால் வகுத்தால், மணிக்கு சுமார் 145 ரூபாய். வேலை செய்யும் ஒவ்வொரு மணி நேரமும் முதலில் இந்த 145 ரூபாயைச் சம்பாதித்துக் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் வருவதுதான் வீட்டுக்கு.

28 மணி நேர வேலையை 5,000 ரூபாய்க்குச் செய்தால், மணிக்கு சுமார் 178 ரூபாய். அதில் செலவு 145 போக, மிச்சம் 33. மொத்த வேலைக்கும் சேர்த்து வீட்டுக்கு வருவது ஆயிரம் ரூபாய்கூட இல்லை. அவரால் மாதத்துக்கு பில் போட முடிவதே 100 மணி நேரம் என்னும்போது, அதில் கால் பங்குக்கும் மேல் இந்த ஒரு வேலைக்குப் போய்விடும்.

“எப்படியும் சும்மாதானே இருக்கே? வர்ற காசை ஏன் விடணும்?” என்று வீட்டில் கேட்பார்கள். அதிலும் பாதி நியாயம் இருக்கிறது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாஃப்ட்வேர் கட்டணமும் காப்பீடும் கட்டித்தான் ஆக வேண்டும். அந்த வாரம் மட்டும் பார்த்தால், ஐயாயிரம் பூஜ்ஜியத்தைவிடப் பெரியதுதான். ஆனால், அந்த 28 மணி நேரத்தில்தான் நியாயமான விலை தரும் வாடிக்கையாளரைத் தேட வேண்டும். தவிர, கடைக்காரர் தன் நண்பரிடம், “நல்லா பண்ணுது அந்தப் பொண்ணு, அஞ்சாயிரம்தான்” என்றுதான் சொல்லி அனுப்புவார். அடுத்து வருபவரும் அதே விலையில்தான் வருவார்.

அதனால் குறைந்த விலைக்கு ஒரு வேலையை ஏற்பதென்றால், சில எல்லைகளை வைத்துக்கொள்வது நல்லது. தொகுப்பில் சேர்க்கத்தக்க வேலையாக இருக்க வேண்டும். மாதத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் அப்படிப் போகக் கூடாது. பில்லில் முழு விலையை எழுதி, அதற்குக் கீழே தள்ளுபடியைக் காட்ட வேண்டும். அப்போதுதான் 14,000 ரூபாய் வேலை தனக்குக் குறைத்துக் கிடைத்தது என்று வாங்குபவருக்குத் தெரியும். அடுத்த முறை பேசுவதற்கும் அதுவே ஆதாரம். மணிக்கு 145 ரூபாய்க்கும் கீழே இறங்கும் வேலையோ, இந்த வரம்புக்குள் அடங்காத தள்ளுபடியோ வந்தால் மறுத்துவிடலாம்.

விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள்

மறுப்பதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. கடைக்காரரிடம் நிஜமாகவே பணம் குறைவாக இருக்கலாம். கடை வாடகைக்கு அட்வான்ஸ், அடுப்பு, பாத்திரம் என்று ஏற்கெனவே நிறையச் செலவழித்திருப்பார். அவரிடம் அதே வேலையைப் பாதி விலைக்குச் செய்துதர ஒப்புக்கொண்டால், முதலில் சொன்ன விலை பொய் என்றாகிவிடும். சின்ன வேலையைச் சின்ன விலைக்குத் தருவது நியாயமான பேரம்.

நம் டிசைனர் இரண்டாவது கணக்கு ஒன்று போடுகிறார். மூன்று மாதிரிகளுக்குப் பதில் ஒன்றே ஒன்று; திருத்தமும் ஒரே சுற்று. பேச்சுக்கு 2 மணி நேரம், வடிவத்துக்கு 7, திருத்தத்துக்கு 2, கோப்புகளுக்கு 1. மொத்தம் 12, கூடுதல் நேரம் சேர்த்தால் 14. விலை 7,000 ரூபாய்.

மறுநாள் காலை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது:

“வணக்கம் அங்கிள். கடை திறப்பதில் ரொம்ப சந்தோஷம். லோகோவுக்கு இரண்டு விதமாகச் செய்யலாம். மூன்று மாதிரிகள், இரண்டு முறை திருத்தம் என்றால் 14,000 ரூபாய். ஒரு மாதிரி, ஒரு முறை திருத்தம் என்றால் 7,000. அதற்கு மேல் திருத்தம் வந்தால் ஒவ்வொரு முறைக்கும் 1,000 ரூபாய். பாதித் தொகை முன்பணமாக வந்ததும் வேலையைத் தொடங்கிவிடுவேன். மீதித் தொகை வந்த அன்றே கோப்புகளை அனுப்பிவிடுவேன். இந்த விலை 15 நாள்களுக்குப் பொருந்தும். உங்களுக்கு எது சரிப்படும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.”

இதில் மன்னிப்பு இல்லை. “உங்களால முடிஞ்சதைக் கொடுங்க” என்பதும் இல்லை. மாமனாரின் நண்பர் என்பதற்கான மரியாதை ‘அங்கிள்’ என்ற சொல்லிலும் விசாரிப்பிலும் இருக்கிறது, விலையில் இல்லை. மாமனாரிடமும் அன்று மாலையே அந்தப் பேப்பரைக் காட்டிவிடுகிறார். நண்பர் வழியாகக் கேள்விப்படுவதைவிட மருமகள் வாயால் கேட்பது நல்லது. அந்த 33 ரூபாயைப் பார்த்த பிறகு அவரிடம் சொல்ல வேண்டியது வேறொன்றும் இல்லை.

எப்போது மறுத்தே ஆக வேண்டும்?

விலை குறைவு என்பது மட்டுமே மறுக்கக் காரணமல்ல. விலையைவிட ஆபத்தான அறிகுறிகள் சில உண்டு.

ஒன்று, முன்பணம் தர மறுப்பது. “வேலையைக் காட்டு, பிடிச்சிருந்தா தர்றேன்” என்றால், பிடிக்கவில்லை என்ற ஒரே வார்த்தையில் 28 மணி நேரமும் போய்விடும். பழைய வேலைகளைக் காட்டலாம். புதிதாக இலவச மாதிரி செய்து காட்ட வேண்டியதில்லை.

இரண்டு, “இதைக் குறைச்சு முடிச்சுக் கொடு, அடுத்து பெரிய வேலை இருக்கு” என்பது. அடுத்த வேலை நிஜம் என்றால், இரண்டு வேலைகளுக்கும் சேர்த்து இப்போதே எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அதற்கான தள்ளுபடியை இரண்டாவது பில்லில் தரலாம். அதற்குச் சம்மதிக்காதவரிடம் அடுத்த வேலை இருக்க வாய்ப்பு குறைவு.

மூன்று, யார் முடிவெடுப்பவர் என்றே தெரியாமல் இருப்பது. இன்று அப்பா ஓகே சொல்வார்; நாளை மகன் நிறத்தை மாற்றச் சொல்வார்; மறுநாள் மாப்பிள்ளை முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். “இறுதி முடிவு ஒருவருடையது” என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால், நல்ல விலைகூட நஷ்ட விலையாகிவிடும்.

மறுக்கும்போது நீண்ட விளக்கம் வேண்டாம். “உங்கள் பட்ஜெட்டுக்குள் இந்த வேலையை என்னால் சரியாகச் செய்துதர முடியாது. பிற்பாடு தேவைப்பட்டால் அழையுங்கள்” என்ற இரண்டு வரிகள் போதும். விளக்கம் நீண்டால் பேரமும் நீளும்.

பணம் கைக்கு வரும் வழி

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை, தமிழ்நாட்டில் பொதுவாக ஜி.எஸ்.டி பதிவு தேவையில்லை. நிறுவனங்களுக்கு வேலை செய்தால், பில் தொகையில் டி.டி.எஸ் பிடித்துக்கொண்டு மீதியைத் தரக்கூடும். அது நஷ்டமல்ல, பான் எண்ணில் வரவாகியிருக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். கணக்கே தாக்கல் செய்யாமல் விட்டால்தான் அந்தப் பணம் கைக்கு வராது.

உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாக இலவசமாகப் பதிவு செய்துகொள்வதிலும் ஒரு பயன் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்கள்தான். தாமதித்தால் வட்டியும் சேரும். அதற்காக முன்பணத்தை விட்டுவிடக் கூடாது. வசூலுக்கு அலைவதும் பில் போட முடியாத நேரம்தான்.

விலை சரியா என்று எப்படித் தெரியும்?

இத்தனை கணக்கும் சொல்வது, தொழில் நடத்துபவருக்கு எவ்வளவு தேவை என்பதை மட்டும்தான். வாங்குபவர் எவ்வளவு தருவார் என்பதை இது சொல்லாது. விலை கேட்டவர்கள் எல்லோரும் ஒரு வார்த்தை பேசாமல் உடனே சம்மதித்தால், விலை குறைவு என்று அர்த்தம். யாருமே திரும்ப அழைக்காவிட்டால், கேட்கும் இடம் தவறு அல்லது செய்துதரும் வேலை அந்த விலைக்கு இன்னும் வரவில்லை. அப்போதும் 500-ஐ 200 ஆக்குவது தீர்வல்ல. செலவு அப்படியேதான் இருக்கும். சின்னத் தொகுப்புகளாகப் பிரித்து விற்கலாம், இதைவிடப் பெரிய கடைகளை அணுகலாம், சாஃப்ட்வேர் செலவைக் குறைக்கலாம்.

கூடவே, ஒவ்வொரு வேலைக்கும் நிஜமாக எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். அடுத்த விலையைத் திருத்துவது அந்த நோட்டுதான்.

இனிப்புக் கடைக்காரர் நான்கு நாள்கள் பதிலே சொல்லவில்லை. ஐந்தாம் நாள், “ஏழாயிரத்து வேலையையே பண்ணிடும்மா” என்று சொல்லி, 3,500 ரூபாயை அனுப்பினார். பதினான்கு மணி நேரம் என்று போட்ட வேலை பதினாறு மணி நேரம் இழுத்தது. பேச்சுக்கு ஒதுக்கிய இரண்டு மணி நேரம், கடைக்காரரின் மகனும் யோசனை சொல்ல வந்ததில் நான்காகிவிட்டது. மணிக்கு 500 என்று நினைத்தது 437-ல் வந்து நின்றது.

நோட்டில் அதைக் குறித்துக்கொண்டவர், அடுத்த வாடிக்கையாளருக்கு அனுப்பிய விலைப்பட்டியலில் ஒரு வரியைப் புதிதாகச் சேர்த்தார்: “யோசனைகளை ஒருவரே தொகுத்து, ஒரே முறையாக அனுப்பவும்.”